எதிரெதிரே இரண்டு பெட்ரோல் பங்க்: விலையைக் குறைப்பதா வேண்டாமா என்று கட்டம் போட்டுப் பார்ப்பது எப்படி

ஒருவருடைய பலன் மற்றவர் எடுக்கும் முடிவையும் பொறுத்திருக்கும் நிலைகளை ஆராய்வது ஆட்டக் கோட்பாடு. அதைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களிடம் முதல் வாரத்திலேயே இரண்டு பெட்ரோல் பங்குகளின் கதையைச் சொல்வார்கள். ஒன்று விலையைக் குறைத்தால் மற்றொன்றின் வாடிக்கையாளர்கள் சாலையைக் கடந்து வந்துவிடுவார்கள், இரண்டும் குறைத்தால் இரண்டுக்கும் நட்டம் என்று கதை போகும். கேட்கும் மாணவர் உடனே தன் ஊர் பைபாஸில் எதிரெதிரே நிற்கும் இரண்டு பங்குகளை நினைத்துக்கொள்வார். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. நம் ஊரில் பங்க் நடத்துகிறவர் பெட்ரோல் விலையைத் தீர்மானிப்பதில்லை. எண்ணெய் நிறுவனம் தீர்மானிக்கிறது. 2017 ஜூன் 16 முதல் அந்த விலை தினமும் காலை 6 மணிக்கு மாறலாம் என்பது முறை. டீலருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன். குறைக்கும் உரிமை கையில் இல்லாதவரை வைத்து 'குறைப்பதா வேண்டாமா' என்று ஆட்டம் போட முடியாது.

அதனால் நான் எப்போதும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பாடத்துக்கென்றே அமைத்ததுபோல ஒரு விதி அங்கே இருக்கிறது. 2001 ஜனவரியில் தொடங்கிய ஃபியூவல்வாட்ச் என்ற அரசுத் திட்டத்தின்படி, ஒவ்வொரு பங்கும் நாளைய விலையை இன்று பிற்பகல் 2 மணிக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சற்று நேரத்தில் எல்லாருடைய நாளைய விலையும் பொதுமக்களுக்கு வெளியாகும். மறுநாள் காலை 6 மணி முதல் 24 மணி நேரத்துக்கு அந்த விலையை மாற்றக் கூடாது.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இரண்டு பங்க்காரர்களும் 2 மணிக்கு முன் தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள். எதிராளி என்ன எழுதியிருக்கிறார் என்பது தெரியாது. தெரிந்த பிறகு மாற்றவும் முடியாது. புத்தகத்தில் 'இருவரும் ஒரே நேரத்தில் முடிவெடுக்கிறார்கள்' என்று ஒரு அனுமானம் வரும். மற்ற ஊர்களில் அது கற்பனை. பெர்த்தில் அது தினசரி நடைமுறை. இருவரும் எதைத் தேர்ந்தால் யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கட்டம் கட்டமாகக் காட்டுவது பலன் அட்டவணை, அதாவது பே-ஆஃப் மேட்ரிக்ஸ். நாம் போடப்போகும் அட்டவணை அங்கே ஒரு நாளின் வியாபாரத்துக்கு அப்படியே பொருந்தும்.

இனி வரும் விதிகளும் ஊரும் உண்மை. இரண்டு பங்குகளும் அவற்றின் லிட்டர் கணக்கும் நான் பாடத்துக்காக வைத்துக்கொண்டவை.

முதல் படி: ஆட்கள் யார், தேர்வுகள் என்ன

ஒரே சாலையின் இரு பக்கத்தில் கிழக்கு பங்க், மேற்கு பங்க் என்று இரண்டு. இன்றைய விலை இரண்டிலும் லிட்டருக்கு 180 சென்ட். நாளைக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டே தேர்வு: 180-லேயே நிறுத்துவது, அல்லது 176-க்குக் குறைப்பது.

எவ்வளவு குறைப்பது என்பதற்கு உண்மையில் எத்தனையோ விடைகள் உண்டு. முதல் முறை போடுகிறவர் 180, 179, 178 என்று எல்லாவற்றையும் வைத்து இருபத்தைந்து கட்டம் வரைந்துவிட்டுத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பங்க்காரர் உண்மையிலேயே மனதில் எடைபோட்டுக்கொண்டிருக்கும் ஒரு குறைப்பை மட்டும் எடுங்கள். 4 சென்ட் என்பது ஓட்டுநர்கள் பலகையைப் பார்த்ததும் கவனிக்கிற அளவு. அதை வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: லிட்டருக்கு மிஞ்சுவது எவ்வளவு

கட்டத்துக்குள் எழுத வேண்டியது விலையும் அல்ல, விற்பனைத் தொகையும் அல்ல. லிட்டருக்குக் கையில் மிஞ்சுவதை விற்ற லிட்டரால் பெருக்கி வரும் லாபம். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். 180 சென்டில் 4 சென்ட் என்பது இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல், பெரிய விஷயமில்லை என்று தோன்றும். ஆனால் பெட்ரோலை டேங்கர் லாரியில் கொண்டுவந்து நிலத்தடித் தொட்டியில் இறக்கும் வரை லிட்டருக்கு 168 சென்ட் அடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 180-இல் மிஞ்சுவது 12 சென்ட். 176-இல் மிஞ்சுவது 8 சென்ட். பங்க்காரர் விட்டுக்கொடுப்பது தன் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு.

கூலி, மின்சாரம், வாடகை ஆகியவற்றை இங்கே கழிக்காதீர்கள். குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் அந்தச் செலவு அதேதான். எல்லாக் கட்டத்திலிருந்தும் ஒரே தொகையைக் கழித்தால் எது பெரியது எது சிறியது என்பது மாறாது. ஜிஎஸ்டியும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் 10 சதவீத ஜிஎஸ்டி விலைக்குள்ளேயே இருக்கிறது. அதை நீக்கினால் 12 சென்ட் 10.9 ஆகும், 8 சென்ட் 7.3 ஆகும், எல்லாக் கட்டமும் ஒரே விகிதத்தில் சுருங்கும். முடிவு மாறாது என்பதால் நான் முழு எண்களையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் விற்பனை விலையில் வரியைச் சேர்த்துவிட்டு அடக்க விலையில் சேர்க்காமல் விட்டால் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

மூன்றாம் படி: எத்தனை லிட்டர் சாலையைக் கடக்கும்

அட்டவணையின் உயிர் இதில்தான் இருக்கிறது. இதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது, அந்த முச்சந்தியில்தான் கிடைக்கும்.

விலை சமமாக இருக்கும் நாளில் ஆளுக்கு 8,000 லிட்டர் விற்கிறது என்று கொள்வோம். ஒருவர் மட்டும் 4 சென்ட் குறைத்தால் அவருக்கு 13,500, நிறுத்தியவருக்கு 3,500. இருவரும் குறைத்தால் ஆளுக்கு 8,500. இந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். விலை குறைந்தது என்பதற்காக யாரும் கூடுதலாக வண்டி ஓட்டிவிடுவதில்லை. பக்கத்துத் தெருக்களிலிருந்து கொஞ்சம் பேர் இங்கே திரும்புவார்கள், அவ்வளவுதான். பெட்ரோல் பங்க் சண்டை இவ்வளவு கசப்பாக இருப்பதற்குக் காரணமே இதுதான். குறைப்பால் மொத்த வியாபாரம் பெரிதாக வளர்வதில்லை. ஒருவருக்குக் கிடைக்கும் லிட்டரில் பெரும்பகுதி மற்றவரிடமிருந்து வந்ததாக இருக்கும்.

உண்மையான பங்குக்குப் போடும்போது இந்த எண்களை எங்கே எடுப்பது? ஃபியூவல்வாட்சின் பழைய விலைப் பட்டியல் யாருக்கும் கிடைக்கும். எந்தெந்த நாளில் இரண்டு பங்குக்கும் 4 சென்ட் வித்தியாசம் இருந்தது என்று அதில் பார்த்து, அந்த நாளின் சொந்த விற்பனைப் பதிவை, விலை சமமாக இருந்த நாளோடு ஒப்பிடலாம். செவ்வாயைச் செவ்வாயோடுதான் ஒப்பிட வேண்டும், பள்ளி விடுமுறை நாளைப் பள்ளி நாளோடு ஒப்பிடக் கூடாது. நிறுவனக் கணக்கில் எரிபொருள் அட்டையைத் தேய்த்துப் போடும் வண்டிகளைத் தனியே பிரித்துவிடுங்கள். அந்த ஓட்டுநர் தன் பணத்தைக் கொடுப்பதில்லை, நான்கு சென்டுக்காகச் சாலையைக் கடக்க மாட்டார்.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்க வேண்டும். ஒரு வண்டி சராசரியாக 40 லிட்டர் போட்டால் 8,000 லிட்டர் என்பது 200 வண்டி. 13,500 லிட்டர் என்பது ஏறக்குறைய 340 வண்டி. காலை மாலை நெரிசல் நேரத்தில் அத்தனை வண்டிக்கு அந்த பங்கில் பம்ப் இருக்கிறதா? வரிசை சாலை வரை நீண்டால் பின்னால் வருகிறவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார். பம்ப் போதாது என்றால் 13,500 என்ற எண்ணை நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: கட்டத்தை நிரப்புதல்

இனி பெருக்கல் மட்டும்தான். இருவரும் நிறுத்தினால் 8,000 லிட்டர், 12 சென்ட்: ஆளுக்கு 960 டாலர். இருவரும் குறைத்தால் 8,500 லிட்டர், 8 சென்ட்: ஆளுக்கு 680. ஒருவர் மட்டும் குறைத்தால் அவருக்கு 13,500 லிட்டர், 8 சென்ட்: 1,080. நிறுத்தியவருக்கு 3,500 லிட்டர், 12 சென்ட்: 420.

| | மேற்கு நிறுத்தினால் | மேற்கு குறைத்தால் |
|---|---|---|
| கிழக்கு நிறுத்தினால் | 960, 960 | 420, 1,080 |
| கிழக்கு குறைத்தால் | 1,080, 420 | 680, 680 |

ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் கிழக்குக்கு, இரண்டாவது மேற்குக்கு. எல்லாம் ஒரு நாள் லாபம், டாலரில். இந்த முறையை எங்கேயும் மாற்றாதீர்கள். வரிசையில் இருப்பவர் முதல், பத்தியில் இருப்பவர் இரண்டாவது என்பது எல்லாரும் பின்பற்றும் வழக்கம்.

ஐந்தாம் படி: விரலால் மறைத்துப் படித்தல்

அட்டவணையைப் பார்த்ததும் கண் 960, 960 என்ற கட்டத்துக்கே ஓடும். இருவருக்கும் நல்லது, அதுதானே விடை என்று தோன்றும். கட்டங்களை மொத்தமாகப் பார்த்தால் இந்தத் தவறு வரும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆளின் கண்ணால், எதிராளியின் ஒரே ஒரு தேர்வை வைத்துப் படிக்க வேண்டும்.

வலப்பக்கப் பத்தியைக் கையால் மறையுங்கள். மேற்கு நிறுத்துகிறார் என்ற உலகம் மட்டும் தெரிகிறது. அங்கே கிழக்குக்கு நிறுத்தினால் 960, குறைத்தால் 1,080. குறைப்பதுதான் மேல். 1,080-க்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். இப்போது இடப்பக்கப் பத்தியை மறையுங்கள். மேற்கு குறைக்கிறார். கிழக்குக்கு நிறுத்தினால் 420, குறைத்தால் 680. இங்கேயும் குறைப்பதுதான் மேல். 680-க்குக் கீழே கோடு. எதிராளி எதைச் செய்தாலும் குறைப்பதே மேல் என்று வந்துவிட்டது. இப்படி எப்போதும் மேலாக நிற்கும் தேர்வை மேலோங்கிய உத்தி என்பார்கள்.

மேற்குக்கும் இதையே செய்யுங்கள், இந்த முறை வரிசைகளை மறைத்து, இரண்டாவது எண்களை மட்டும் பார்த்து. எண்கள் சமச்சீராக இருப்பதால் அதே முடிவு வரும். எந்தக் கட்டத்தில் இரண்டு எண்களுக்கும் கீழே கோடு விழுந்திருக்கிறதோ அது நாஷ் சமநிலை. 1950-இல் ஜான் நாஷ் முன்வைத்த கருத்து இது. அந்தக் கட்டத்தில் இருக்கும்போது யாரும் தான் மட்டும் மாறி எதையும் சம்பாதிக்க முடியாது. இங்கே அது 680, 680. இருவரும் நிறுத்தியிருந்தால் ஆளுக்கு 280 டாலர் கூடுதலாக வந்திருக்கும், ஆனால் அங்கே போக முடியவில்லை. இந்த வடிவத்துக்குத்தான் கைதிகள் இக்கட்டு என்று பெயர்.

பெரும்பாலான அறிமுகக் கட்டுரைகள் இங்கே நின்றுவிடுகின்றன. அது எனக்கு உறுத்தும். 'இரண்டு பங்க் என்றாலே கைதிகள் இக்கட்டு' என்று மாணவர் மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுகிறார். அது உண்மையில்லை. லிட்டர் எண்ணை மாற்றிப் பாருங்கள்.

ஆறாம் படி: எண்ணை அசைத்துப் பார்த்தல்

சாலையின் நடுவே தடுப்புச் சுவர் இருக்கிறது, எதிர்ப்பக்கம் போக ஒரு கிலோமீட்டர் தள்ளி வளைந்து வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதே 4 சென்டுக்கு அவ்வளவு பேர் மாற மாட்டார்கள். குறைத்தவருக்கு 11,000 லிட்டர், நிறுத்தியவருக்கு 5,500. மற்றவை பழையபடி.

| | மேற்கு நிறுத்தினால் | மேற்கு குறைத்தால் |
|---|---|---|
| கிழக்கு நிறுத்தினால் | 960, 960 | 660, 880 |
| கிழக்கு குறைத்தால் | 880, 660 | 680, 680 |

விரல் வைத்து மறுபடி படியுங்கள். மேற்கு நிறுத்தினால் கிழக்குக்கு 960-ஆ 880-ஆ? நிறுத்துவதே மேல். மேற்கு குறைத்தால் 660-ஆ 680-ஆ? குறைப்பதே மேல், இருபது டாலர் வித்தியாசத்தில். இங்கே மேலோங்கிய உத்தி எதுவும் இல்லை. கோடு இரண்டு கட்டங்களில் விழுகிறது: இருவரும் நிறுத்துவதும் சமநிலை, இருவரும் குறைப்பதும் சமநிலை. எதிராளி செய்வதையே செய்வதுதான் ஒவ்வொருவருக்கும் நல்லது. சுவர் ஒன்று ஆட்டத்தின் வகையையே மாற்றிவிட்டது.

எந்த இடத்தில் மாறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். நிறுத்தினால் வரும் 960 டாலரைக் குறைத்த பின் மிஞ்சும் 8 சென்டால் வகுத்தால் 12,000 லிட்டர். தனியாகக் குறைக்கிறவர் 12,000 லிட்டருக்கு மேல் விற்றால்தான், அதாவது வழக்கத்தைவிட 50 சதவீதம் கூடுதலாக விற்றால்தான், அந்தக் குறைப்பு லாபம். 2 சதவீத விலைக் குறைப்புக்கு 50 சதவீதக் கூடுதல் விற்பனை! லிட்டர் லாபம் எவ்வளவு மெல்லியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பங்குக்குள் கடை இருந்தால் இன்னொரு திருப்பம் வரும். பெட்ரோல் போட வந்தவர் காபியும் பாலும் வாங்குகிறார். அந்தக் கடை லாபத்தை விற்ற லிட்டருக்குப் பரப்பிப் பார்த்தால் லிட்டருக்கு 3 சென்ட் வருகிறது என்போம். இப்போது நிறுத்தினால் லிட்டருக்கு 15 சென்ட், குறைத்தால் 11. அதே தடுப்புச் சுவர் எண்களோடு பெருக்குங்கள்: இருவரும் நிறுத்தினால் 1,200, தனியாகக் குறைத்தால் 1,210, இருவரும் குறைத்தால் 935, தனியாக நிறுத்தினால் 825. தனியாகக் குறைப்பது பத்து டாலர் முன்னே வந்துவிட்டது. ஆட்டம் மறுபடி கைதிகள் இக்கட்டாகிவிட்டது. பெட்ரோலை மட்டும் கணக்கிட்டவர் 'எதிராளி குறைக்க மாட்டார், அவருக்கே நட்டம்' என்று நிம்மதியாக இருப்பார். எதிராளி கடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருப்பார். உங்கள் அட்டவணை ஒன்று சொல்ல எதிராளி வேறொன்று செய்துகொண்டே இருந்தால், அவரை முட்டாள் என்று நினைப்பதற்கு முன் அவருடைய வருமானத்தில் எதை விட்டுவிட்டோம் என்று பாருங்கள்.

பத்து, இருபது டாலர் வித்தியாசத்தில் நிற்கும் முடிவை நம்பாதீர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். லிட்டர் எண்கள் மதிப்பீடுதான். 500 லிட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனால் கோடு இடம் மாறுகிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவை எழுத வேண்டும்.

ஏழாம் படி: நாளை மறுநாளும் இதே இருவர்தான்

முதல் அட்டவணைக்குத் திரும்புவோம். அதன் விடை, இருவரும் குறைப்பார்கள் என்பது. ஆனால் அது ஒரு நாள் ஆட்டத்தின் விடை. பங்க்காரர்கள் வருடக்கணக்காக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிழக்கு இன்று 2 மணிக்கு 176 என்று அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மேற்குக்குத் தெரிந்துவிடும், ஆனால் நாளைக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நாளை காலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை கிழக்குக்குச் சரியாக ஒரு நாள் தனி ஓட்டம். அதில் கூடுதலாக வருவது 1,080 கழித்தல் 960, 120 டாலர். அதற்கு அடுத்த நாளிலிருந்து மேற்கும் 176. இருவரும் அங்கேயே நின்றுவிட்டால் கிழக்கு ஒவ்வொரு நாளும் 280 டாலர் இழக்கிறார். 120 டாலருக்காகத் தினமும் 280 இழப்பது யாருக்கும் புரியும் கணக்கு. நாளையும் இந்த வியாபாரம் இப்படியே தொடரும் என்பதற்குப் பத்துக்கு மூன்று வாய்ப்பு இருந்தாலே விலையைக் குறைக்காமல் நிறுத்துவது கட்டுப்படியாகிறது. 120-ஐ, 1,080-க்கும் 680-க்கும் உள்ள வித்தியாசமான 400-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 0.3.

எதிராளி கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும் என்றால் கதை வேறு. ஏழு நாளைக்கு 840 டாலர் கூடுதலாகக் கிடைக்கும், குறைக்கும் ஆசை கூடும். விலை எவ்வளவு சீக்கிரம் எதிராளிக்குத் தெரிகிறதோ, அவ்வளவு எளிதாக இருவரும் உயர்ந்த விலையில் நிற்கலாம். வண்டி ஓட்டுகிறவர்களுக்காகக் கொண்டுவந்த வெளிப்படைத்தன்மை பங்க்காரர்களுக்கும் கண்ணாடிபோல் பயன்படும் என்பதை நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன். அது ஓட்டுநருக்கும் உதவுகிறது, மலிவான பங்கைத் தேடிப் போக முடிகிறது. இரண்டு விசைகளும் ஒரே திட்டத்துக்குள் இருக்கின்றன.

ஒரு எல்லை இருக்கிறது. இருவரும் தொலைபேசியில் பேசி 180-இல் நிற்கலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டால், அது ஆஸ்திரேலியாவில் 2010-ஆம் ஆண்டின் போட்டி மற்றும் நுகர்வோர் சட்டப்படி குற்றம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தெட்ஃபோர்ட் மைன்ஸ், மாகோக், ஷெர்புரூக், விக்டோரியாவில் ஆகிய ஊர்களின் பங்க்காரர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டு ஆதாரம் சேர்த்த அதிகாரிகள் 2008-இல் அவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். பேசாமலேயே, அடுத்தவர் விலையைப் பார்த்து நிற்பது வேறு. அட்டவணையில் இரண்டும் ஒரே கட்டத்தில்தான் வந்து விழும், எந்த வழியில் வந்தது என்பதை அட்டவணை காட்டாது.

எட்டாம் படி: அடிமட்ட விலைக்கு இன்னொரு அட்டவணை

பெர்த்தில் உண்மையில் நடப்பது 180-இல் நிற்பதும் அல்ல, 176-இல் நிற்பதும் அல்ல. விலை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக இறங்கும், பிறகு ஒரே நாளில் தாவி ஏறும், மறுபடி இறங்கும். அந்தத் தாவலைப் புரிந்துகொள்ள, இறங்கி முடிந்த நிலையில் புதிய அட்டவணை போட வேண்டும். கேள்வியும் மாறுகிறது: குறைப்பதா என்பது அல்ல, ஏற்றுவதா காத்திருப்பதா என்பது.

இருவரும் 170-க்கு வந்துவிட்டார்கள். லிட்டருக்கு மிஞ்சுவது 2 சென்ட்தான். ஆளுக்கு 9,000 லிட்டர், 180 டாலர். ஒருவர் மட்டும் 180-க்கு ஏற்றினால் 10 சென்ட் வித்தியாசம். அவரிடம் மிஞ்சுவது அவசரத்தில் வருகிறவர்கள் மட்டும், 1,000 லிட்டர், 12 சென்ட் வீதம் 120 டாலர். காத்திருந்தவருக்கு 16,000 லிட்டர், 320 டாலர். இருவரும் ஏற்றினால் பழைய 960.

| | மேற்கு காத்திருந்தால் | மேற்கு ஏற்றினால் |
|---|---|---|
| கிழக்கு காத்திருந்தால் | 180, 180 | 320, 120 |
| கிழக்கு ஏற்றினால் | 120, 320 | 960, 960 |

விரலால் மறைத்துப் படித்தால் மறுபடி இரண்டு சமநிலை: இருவரும் காத்திருப்பது, இருவரும் ஏற்றுவது. இருவருக்குமே ஏற்ற ஆசை. ஆனால் தனியாக ஏற்றினால் 24 மணி நேரத்துக்கு அந்த விலையில் மாட்டிக்கொள்ள வேண்டும், 60 டாலர் போகும். கையில் இருக்கும் பிரச்சினை ஆசை அல்ல, தேதி. எந்த நாள் என்று பேசாமல் எப்படி ஒத்துக்கொள்வது?

இதற்குப் பெர்த்தில் கிடைத்த விடையை டேவிட் பைர்ன், நிக்கோலஸ் டி ரூஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பதினைந்து ஆண்டு விலைப் பதிவுகளை வைத்து ஆராய்ந்து, 2019-இல் அமெரிக்கன் எகனாமிக் ரெவியூ இதழில் வெளியிட்டார்கள். நகரத்தில் அதிக பங்குகளைக் கொண்டிருந்த பிபி நிறுவனம் விலை ஏற்றத்தில் முன்னே போனது. ஏற்றம் எந்தக் கிழமையில் என்பதைச் சோதனை செய்வதுபோல மாற்றிப் பார்த்து, கடைசியில் வியாழக்கிழமையில் நிலைத்தது. மற்ற நிறுவனங்களும் அந்த வியாழனைப் பிடித்துக்கொண்டன. அதற்குப் பின் வரும் நாட்களில் நாளுக்கு 2 சென்ட் இறக்கம் என்பதும் வழக்கமானது. விற்பனையாளர்களின் லாப விகிதம் உயர்ந்தது. யாரும் யாரிடமும் பேசியதாக அந்த ஆய்வு சொல்லவில்லை. மேலே உள்ள அட்டவணையில் தேதி என்ற ஓட்டை ஒன்றுதான் இருந்தது, அதைக் கிழமை ஒன்று அடைத்தது.

ஒரு பெரிய நிறுவனம் ஏன் முன்னே போகிறது என்பதையும் அந்த 60 டாலரை வைத்தே படிக்கலாம். முன்னே போகிறவர் ஒரு நாள் நட்டத்தைத் தாங்க வேண்டும். எதிராளி மறுநாளே பின்தொடர்ந்தால் தினமும் 780 டாலர் கூடும், ஆனால் தொடர்வார் என்பது நிச்சயமில்லை. ஒரே ஒரு பங்க் வைத்திருப்பவர் அந்த நம்பிக்கையில் பலமுறை தோற்றுப் பார்க்க முடியாது. பல பங்குகளை வைத்திருப்பவருடைய விலையை நகரம் முழுவதும் பார்க்கிறது, அவர் வாராவாரம் அதையே செய்து காட்டவும் முடியும்.

இந்தக் கடைசி அட்டவணைக்கு ஒரு மூன்றாவது வரிசை சேர்த்துப் பாருங்கள்: எதிராளி வியாழனன்று 180-க்குத் தாவுவார் என்று தெரிந்தே நீங்கள் 178 என்று எழுதுகிறீர்கள். மிஞ்சுவது லிட்டருக்கு 10 சென்ட். 2 சென்ட் வித்தியாசத்துக்கு எத்தனை லிட்டர் உங்கள் பக்கம் வந்தால் இது 960-ஐத் தாண்டும்? 9,600. வழக்கமான 8,000-க்கு மேல் 1,600 லிட்டர், நாற்பது வண்டி. முச்சந்தியில் அந்த நாற்பது வண்டி கிடைக்கும் என்றால், ஏறிய விலை மறுநாளே ஏன் இறங்கத் தொடங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.